தொலைந்ததை எப்படி நிரூபிப்பது? இரண்டாம்படிச் சான்றிதழ் பற்றிய ஒரு பார்வை

மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்த ஒருவர் இன்னொன்று கேட்டு விண்ணப்பிக்கிறார். அவர் நிரூபிக்க வேண்டியது எதை? தேர்வெழுதித் தேறியவர் தாம்தான் என்பதையா, அல்லது அந்தத் தாள் இப்போது தம்மிடம் இல்லை என்பதையா? முதலாவதை நிரூபிக்கலாம். பள்ளியிலும் தேர்வுத் துறையிலும் பல்கலைக்கழகத்திலும் பதிவேடுகள் இருக்கின்றன. இரண்டாவது அப்படிப்பட்டதன்று. ஒரு பொருள் இல்லை என்பதற்கு எங்கிருந்து சாட்சி கொண்டுவருவது? ஆயினும் நம் நடைமுறைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. காவல் நிலையச் சான்று, முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம், வட்டாட்சியர் சான்று, செய்தித்தாள் விளம்பரம் ஆகிய எல்லாமே தொலைந்ததை மெய்ப்பிக்கும் முயற்சிகள்தான்.

இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன. பழைய விடை எதுவும் விலகிக்கொள்ளவில்லை. புதியது வந்து அதன்மேல் படிந்தது. இன்று ஒருவர் நிரப்பும் விண்ணப்பத்தில் அந்த எல்லா அடுக்குகளையும் காணலாம். பழனி மலைத் தொடரிலுள்ள கொடைக்கானல் வட்டம் இதை ஆராய ஏற்ற இடம். அங்கே அலுவலகங்களுக்கு இடையிலான தொலைவு அதிகம், காற்றில் ஈரமும் அதிகம். நடைமுறையின் ஒவ்வொரு படியும் ஒரு பேருந்துப் பயணமாகிவிடுகிறது.

புத்தகமாக இருந்த காலம்

சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு 1911-இல் தொடங்கியது. அந்நாளில் தரப்பட்ட சான்றிதழ் இன்றுபோல் ஒற்றைத் தாளாக இல்லை. 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்' என்றே மூத்தவர்கள் அதைச் சொல்வார்கள். பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் பொதுத்தேர்வு மதிப்பெண்களும் பிறந்த தேதியும் அங்க அடையாளங்களும் தலைமையாசிரியரின் கையெழுத்தும் ஒரே புத்தகத்தில் இருந்தன. அதைத் தொலைப்பது ஒரு பதிவேட்டையே தொலைப்பதற்கு ஒப்பானது. அதை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால் கண்டுபிடிப்பதும் எளிதன்று. சான்றிதழில் புகைப்படம் இல்லாத காலம், ஓர் ஊரின் ஆவணத்தை இன்னோர் ஊரில் சரிபார்க்கக் கடிதம் ஒன்றே வழியாக இருந்த காலம் அது.

அந்தச் சூழலில் தோன்றியதுதான் முதல் நிலைப்பாடு: அசல் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டாவதைத் தருவதற்கு முன் முதலாவது செத்துவிட்டதென்று ஊரறியச் சொல்லவேண்டும். தொலைந்த சான்றிதழ்களைப் பற்றி அரசிதழில் அறிவிப்பு வெளியிடுவதும், அசல் கிடைத்தால் ரத்து செய்வதற்காகத் திருப்பி அனுப்புமாறு கேட்பதும் இதிலிருந்து வந்த வழக்கங்கள். 'மீட்க இயலாதவாறு தொலைந்துவிட்டது' என்று வருவாய்த் துறை அலுவலர் சான்றளிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் வேர் இதுதான்.

இந்த நிலைப்பாட்டை வெறும் அலுவலகக் கெடுபிடி என்று தள்ளிவிட முடியாது. அசல் சான்றிதழை அடகாக வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. கல்விக் கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைத்த கல்லூரிகளும் உண்டு. இதைத் தடுக்கவே பல்கலைக்கழக மானியக் குழு, அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் அறிவிக்கை வெளியிட்டது. சான்றிதழ் ஒரு முதலாளியின் அலமாரியில் இருக்க, 'தொலைந்துவிட்டது' என்று எழுதி இரண்டாம்படி வாங்கிக்கொள்ளும் ஆசை அப்படிப்பட்டவருக்கு எழக்கூடும். அவர்மேல் இரக்கம் வரலாம். ஆனால் அவர் தரும் பிரமாணம் பொய்ப் பிரமாணம். அவருக்குரிய வழி, அசலைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேட்பதும் மேல் அலுவலரிடம் முறையிடுவதுமே. இந்த வேறுபாட்டை விண்ணப்பப் படிவங்கள் போதிய அளவு விளக்குவதில்லை.

பழைய நிலைப்பாட்டின் குறை வேறிடத்தில் இருக்கிறது. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பிறகு மதிப்பெண்கள் கணினியில் ஏறின. சான்றிதழ் ஒற்றைத் தாளானது. பதிவேடு தேர்வுத் துறையிடமே முழுமையாகத் தங்கிவிட்டதால், மாணவர் கையில் இருப்பது அதிலிருந்து எடுத்துத் தரப்பட்ட ஒரு பிரதிதான். ஆவணத்தின் தன்மை இப்படி மாறிய பிறகும் அதைத் தொலைத்தவரிடம் கேட்கப்படும் கேள்விகள் புத்தகக் காலத்தனவாகவே நின்றுவிட்டன.

தொலைந்தது, களவு போனது, கெட்டுப்போனது

விண்ணப்பத்தில் முதலில் எழுதும் ஒரு சொல்லே மீதி நடைமுறையைத் தீர்மானிக்கிறது. 'தொலைந்துவிட்டது' என்றால் குற்றம் எதுவும் நடக்கவில்லை. காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதியத் தேவையில்லை, சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். 'களவு போய்விட்டது' என்றால் அது குற்றம். முதல் தகவல் அறிக்கை, விசாரணை, கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கை முடித்தல் என்று வேறு பாதையில் போகும், காலமும் கூடும். பேருந்தில் பையை மறந்துவிட்டு இறங்கிய ஒருவர், பையை யாரோ எடுத்துப் போயிருப்பார்கள் என்ற எண்ணத்தில் 'திருடிவிட்டார்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைய நேரிடுகிறது. தெரிந்ததை மட்டும் எழுதுவது நேர்மையானது, வேகமானதும் கூட.

மூன்றாவது வகை, கெட்டுப்போன சான்றிதழ். மலையில் இதுதான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவம் சாரலாகவும், வடகிழக்குப் பருவம் பெருமழையாகவும் வரும். இரண்டுக்கும் இடையில் மூடுபனி. தகரப் பெட்டிக்குள் வைத்த தாளும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், மடிப்பில் கிழியும். இதற்கு அஞ்சிப் பலர் சான்றிதழை லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஈரம் ஊறிய தாளை இரு பிளாஸ்டிக் ஏடுகளுக்கு நடுவே சூடேற்றி ஒட்டினால் அந்த ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். ஆண்டுகள் போகப்போக ஓரங்களில் மஞ்சள் படர்ந்து எழுத்து மங்கும். பின்னால் அதைப் பிரிக்க முயன்றால் மையும் முத்திரையும் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். வெளிநாட்டுப் பணிக்காகச் சான்றொப்பம் பெறும்போது பின்பக்கத்தில் முத்திரை குத்த இடமில்லை என்று லேமினேட் செய்த சான்றிதழைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. நல்ல நிலையிலுள்ள தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டாமல் செருகி, உலர்ந்த இடத்தில் வைப்பதே போதுமானது.

கெட்டுப்போனதற்கும் தொலைந்ததற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கெட்டுப்போன தாளில் எஞ்சியிருப்பதே சான்று. பதிவெண்ணோ வரிசை எண்ணோ தெரியும் ஒரு துண்டு இருந்தால்கூட அதை விண்ணப்பத்தோடு ஒப்படைத்துவிடலாம். அசல் திரும்பி வந்துவிடுவதால், 'இரண்டு அசல்கள் உலவும்' என்ற அச்சத்துக்கு இடமில்லை. காவல் நிலையச் சான்றும் இங்கே பொருளற்றது. ஆகவே கிழிந்ததையும் கரையான் அரித்ததையும் குப்பையில் போட்டுவிட்டு 'தொலைந்தது' என்று விண்ணப்பிப்பவர், எளிய வழியை விட்டுக் கடினமான வழியைத் தேர்ந்துகொள்கிறார். எவ்வளவு சிதைந்த துண்டானாலும் அதை ஓர் உறையில் போட்டு வைப்பது நல்லது.

காவல் நிலையச் சான்று சொல்வது என்ன

புழக்கத்தில் 'நான் டிரேசபிள் சர்ட்டிபிகேட்' என்று வழங்கும் சான்று, தேடியும் கிடைக்கவில்லை என்று காவல்துறை தருவது. இதை ஆதரிப்போர் இரண்டு காரணம் சொல்கிறார்கள். பொய் சொல்ல நினைப்பவர் காவல் நிலையப் படியேறத் தயங்குவார் என்பது ஒன்று. பின்னாளில் அந்த அசல் மோசடியில் சிக்கினால், இன்ன தேதியில் தொலைந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று உரியவர் தப்பிக்க உதவும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் வலுவானது என்றே தோன்றுகிறது.

ஆனால் சான்றின் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இருக்கிறது. பேருந்தில் விட்ட ஒரு தாளை எந்தக் காவல் நிலையம் எங்கே போய்த் தேடும்? சில நாள் காத்திருந்துவிட்டு, யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று எழுதித் தருவதே நடைமுறையில் சாத்தியமானது. தமிழ்நாடு காவல்துறை இதை ஓரளவு உணர்ந்தே இணையவழியில் தொலைந்த ஆவண அறிக்கை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களும் அதில் அடங்கும். விண்ணப்பதாரர் தாமே விவரங்களை உள்ளிட்டு அறிக்கையைப் பெறலாம். இதில் விசாரணை இல்லை. விண்ணப்பதாரர் சொன்னது பதிவாகிறது, அவ்வளவே. இதைக் காவல் சான்றாக ஏற்பதா, கையெழுத்திட்ட 'கிடைக்கவில்லை' சான்றே வேண்டுமென்பதா என்பதில் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள் ஒன்றுபோல் நடப்பதில்லை. ஆகவே காவல் நிலையம் போவதற்கு முன், தமக்குரிய நிறுவனத்தின் படிவத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது ஒரு பயணத்தை மிச்சப்படுத்தும்.

எந்தக் காவல் நிலையம் என்பதும் மலைப் பாதையில் சிக்கலான கேள்வி. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் சாலை ஏறத்தாழ 64 கிலோமீட்டர், அது ஒரே நிலையத்தின் எல்லைக்குள் அடங்காது. பை எங்கே விழுந்தது என்று தெரியாதபோது, கடைசியாகச் சான்றிதழைப் பார்த்த இடத்தையும் இல்லை என்று கண்ட இடத்தையும் புகாரில் தனித்தனியாகக் குறிப்பிடுவதே சரி. 'வழியில் எங்கோ' என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு நிலையமும் மற்றதைக் கைகாட்டும்.

பிரமாணப் பத்திரமும் அதன் விலையும்

காவல் சான்று புறத்திலிருந்து வரும் சாட்சி. பிரமாணப் பத்திரம் விண்ணப்பதாரரே தமக்குச் சொல்லும் சாட்சி. தமிழ்நாட்டில் அபிடவிட்டுக்கு நெடுங்காலம் 20 ரூபாய் முத்திரைத்தாள் போதுமாக இருந்தது. இந்திய முத்திரைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த திருத்தம் 2024-இல் நடைமுறைக்கு வந்தபின் அது 200 ரூபாய் ஆயிற்று. நோட்டரி கட்டணமும் தட்டச்சுக் கூலியும் தனி.

நல்ல பிரமாணப் பத்திரம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. விண்ணப்பதாரரின் பெயர், தந்தை பெயர், வயது, முகவரி, தேர்வின் பெயர், எழுதிய மாதமும் ஆண்டும், பதிவெண், படித்த நிறுவனம் ஆகியவை முதலில் வரும். எப்போது, எந்தச் சூழலில் தொலைந்தது என்பது அடுத்து. சான்றிதழை எவரிடமும் அடகாகவோ பிணையாகவோ கொடுக்கவில்லை, அசல் கிடைத்தால் உடனே ஒப்படைப்பேன், இரண்டையும் பயன்படுத்த மாட்டேன் என்ற மூன்று உறுதிகளும் இறுதியில். பத்திரத்தின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் தேதிகளால்தான். புகாரில் ஒரு தேதி, பத்திரத்தில் வேறொரு தேதி, விளம்பரத்தில் 'சில நாட்களுக்கு முன்' என்றிருந்தால் எழுத்தர் கோப்பை நகர்த்த மாட்டார். முத்திரைத்தாள் வேறொருவர் பெயரில் வாங்கப்பட்டிருப்பதும், தலைப்பெழுத்து சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பதும் அடுத்த காரணங்கள்.

பிரமாணப் பத்திரமே தேவையில்லை என்ற நிலைப்பாடு இந்திய நிர்வாகத்துக்குள்ளிருந்தே எழுந்தது. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2009-இல் தந்த, குடிமக்களை மையப்படுத்திய நிர்வாகம் குறித்த அறிக்கையில் தற்சான்று முறையை ஆதரித்தது. பஞ்சாப் அரசு 2010-இல் பல சேவைகளுக்குப் பிரமாணப் பத்திரத்தை விலக்கிச் சுயவாக்குமூலத்தை ஏற்றது. அவர்கள் வாதம் நேரானது. பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற அச்சத்தை முத்திரைத்தாள் தருவதில்லை, சட்டம் தருகிறது. வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டாலும் அதே விளைவை உண்டாக்க முடியும்.

இந்த வாதத்துக்கு எதிராகவும் ஒன்றைச் சொல்லவேண்டும். பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனை, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 193-ஆம் பிரிவிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-ஆம் பிரிவிலும் இருக்கிறது. உண்மை சொல்லச் சட்டப்படி கடமைப்பட்டவர் பொய் சொன்னால்தான் அது பொருந்தும். சட்டத்திலோ விதியிலோ இடம்பெறாமல், ஒரு நிறுவனம் தன் சுற்றறிக்கையில் மட்டும் கேட்கும் வாக்குமூலத்துக்கு அந்தப் பிரிவு எந்த அளவு செல்லும் என்பது வாதத்துக்குரியது. வெள்ளைத் தாளுக்கு மாறுவதென்றால், அந்த வாக்குமூலத்துக்குச் சட்ட வலுத் தரும் விதியையும் சேர்த்தே எழுத வேண்டும். அதைச் செய்யாமல் முத்திரைத்தாளை மட்டும் நீக்கினால் நடைமுறை எளிதாகும், அதன் பிடி தளர்ந்துவிடும்.

மன்னவனூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

இந்த அடுக்குகள் ஒருவர்மேல் எப்படிச் சேர்ந்து விழுகின்றன என்று காண ஒரு கற்பனை எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மேல்மலையில் மன்னவனூரைச் சேர்ந்த ஒரு பெண். 1996-இல் பிளஸ் டூ, 1999-இல் பழனி அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கலைக் கல்லூரியில் இளங்கலை. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழும் பட்டச் சான்றிதழும் இருந்த பை பயணத்தில் தொலைந்துவிட்டது.

பார்த்தவுடன் பட்டச் சான்றிதழ்தான் எளிதென்று தோன்றும். அந்தக் கல்லூரி இன்று கொடைக்கானலிலுள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறது. பல்கலைக்கழகம் 1984-இல் நிறுவப்பட்டது, அவர் ஊரிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடலாம். ஆனால் அவர் படித்த காலத்தில் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகமே இரண்டாம்படியும் வழங்க முடியும். கல்லூரியின் இணைப்பு மாறினாலும் பழைய பதிவேடுகள் அதனோடு இடம்பெயர்வதில்லை. ஆகவே அவர் போகவேண்டியது நாகமலைப் புதுக்கோட்டை அருகிலுள்ள மதுரைப் பல்கலை நகருக்கு. கொடைக்கானலிலிருந்து அது 100 கிலோமீட்டருக்கு மேல். இதே சிக்கல் தமிழ்நாடெங்கும் உண்டு. 1966-க்கு முன் மதுரையில் பட்டம் பெற்றவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான். 2001-க்கு முன் இப்பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் முடித்தவருக்கு அண்ணா பல்கலைக்கழகம் இரண்டாம்படி தராது. தொலைந்த சான்றிதழின் ஜெராக்ஸ் ஒன்று இருந்தால், அதன் தலைப்பில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதென்று பார்ப்பதே முதல் வேலை.

அவரிடம் ஜெராக்ஸ் இல்லை என்று கொள்வோம். அப்படியானால் பதிவெண் வேண்டும். பிளஸ் டூ பதிவெண் பள்ளியின் மதிப்பெண் பதிவேட்டில் இருக்கும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தால் அங்கே காட்டிய விவரத்திலிருந்தும் கிடைக்கலாம். கல்லூரிப் பதிவெண்ணுக்குக் கல்லூரி அலுவலகத்தை அணுக வேண்டும். பதிவெண் கையில் வருமுன் காவல் புகார் எழுதுவது வீண். பதிவெண் இல்லாத புகாரின்மேல் பெற்ற சான்று, எந்தச் சான்றிதழைப் பற்றியது என்று தெளிவாகக் காட்டாது.

பிளஸ் டூ சான்றிதழுக்கு அவர் படித்த பள்ளியின் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பம் போகும். தனித்தேர்வராக எழுதியிருந்தால் தேர்வுத் துறையின் மாவட்ட அலுவலகத்தை அணுகலாம். இரண்டாம்படிக்கான கட்டணமாக 505 ரூபாய் வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. செலுத்துமுன் நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேரிடரில் கல்வி ஆவணம் இழந்ததற்கான வருவாய்த் துறைச் சான்று இ-சேவை மையங்களில் 60 ரூபாய் சேவைக் கட்டணத்தில் விண்ணப்பிக்கக்கூடியது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் பேரிடர் எதுவும் இல்லை. பட்டத்துக்குத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பெயரில் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். ஒவ்வொரு தேர்வின் மதிப்பெண் பட்டியலும் தொலைந்திருந்தால் தாளுக்குத் தாள் கட்டணம் கூடும். அப்போது எல்லா மதிப்பெண்களையும் ஒன்றாகக் காட்டும் பட்டியலைப் பல்கலைக்கழகம் தருமா என்று முதலில் கேட்டுவிடுவது செலவைக் குறைக்கும்.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் தெரிவது ஒன்று. கட்டணங்கள் பெரிதல்ல. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் காவல் நிலையத்துக்கும் நோட்டரிக்கும் பள்ளிக்கும், பிறகு பழனிக்கும் மதுரைக்கும் போய்வரும் நாட்களே பெரிய செலவு. தோட்ட வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கூலி இழப்பு. முத்திரைத்தாள் 20-லிருந்து 200 ஆனதைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கூலியை எண்ணுவதில்லை. கட்டணத்தைக் குறைப்பதைவிடப் படிகளைக் குறைப்பதே மலைமக்களுக்கு உதவும் என்பது என் கணிப்பு.

பேரிடர் வந்தால் மட்டும் திறக்கும் கதவு

2015 டிசம்பரில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர்ப் பகுதிகளில் வெள்ளம் வந்தபோது, இழந்த ஆவணங்களுக்கு நகல் வழங்கத் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின், சான்றிதழ் இழந்த கல்லூரி மாணவர்கள் mycertificates.in என்ற இணையதளத்தில் பதிந்து கட்டணமின்றி நகல் பெறும் வசதி செய்யப்பட்டது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பின்னும் ஆவண மீட்பு முகாம்கள் நடந்தன.

இந்த ஏற்பாடுகளை உற்றுப் பார்த்தால், நம் முதல் கேள்விக்கு அரசே வேறொரு விடையைத் தந்திருப்பது தெரியும். வெள்ளத்தில் தொலைந்ததென்று ஒவ்வொருவரும் காவல் நிலையத்தில் நிரூபிக்கவேண்டியதில்லை. வெள்ளம் வந்தது ஊரறிந்த செய்தி. ஆகவே ஆளை அடையாளம் கண்டு, பதிவேட்டைப் பார்த்து, நகலைத் தந்தார்கள். அதனால் போலிச் சான்றிதழ்கள் பெருகி நடைமுறை குலைந்துபோனதாகத் தெரியவில்லை. இதிலிருந்து உறுதியான முடிவுக்கு வருவது அவசரமாக இருக்கலாம், ஆனாலும் காவல் சான்று இல்லாமலும் இது நடக்கக்கூடியதே என்பதற்கு இவை சான்றுகள்.

குறை எங்கே என்றால், இந்தக் கதவு கூட்டத்துக்கு மட்டுமே திறக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் மேற்கே நகர்ந்து கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்து, மண்சரிவை உண்டாக்கியது. அப்படிப்பட்ட நாளில் கூரை பெயர்ந்து பெட்டி நனைந்தவருக்குப் பேரிடர்ச் சான்று கிடைக்கலாம். இன்னொரு மழைநாளில், யாருக்கும் செய்தியாகாத ஒற்றை வீட்டின் ஓடு சரிந்து அதே பெட்டி நனைந்தால் அவர் சாதாரண விண்ணப்பதாரர். இழப்பு ஒன்றுதான், அண்டை வீட்டாரும் இழந்தார்களா என்பதைப் பொறுத்து நடைமுறை மாறுகிறது.

பதிவேட்டின் பக்கம் நிற்பவர்கள்

மூன்றாவது நிலைப்பாடு, தொலைவது என்ற ஒன்றே இல்லை என்கிறது. பதிவேடு இருக்கும்வரை சான்றிதழைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். டிஜிலாக்கர் 2015-இல் தொடங்கியது. தேசியக் கல்விசார் ஆவணக் காப்பகத்துக்கு மத்திய அமைச்சரவை 2016-இல் ஒப்புதல் தந்தது. இப்போது அது டிஜிலாக்கர் வழியே இயங்குகிறது. வழங்கும் நிறுவனமே நேரடியாக டிஜிலாக்கரில் ஏற்றிய ஆவணம் அசலுக்கு நிகர் என்று தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளில் 2017-இல் சேர்க்கப்பட்ட திருத்தம் சொல்கிறது. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. நாமே படம் பிடித்து அதில் ஏற்றி வைக்கும் நகலுக்கு இந்தத் தகுதி கிடையாது.

இலங்கை இதில் எண்ணிப் பார்க்கத்தக்க எடுத்துக்காட்டு. அங்கே பரீட்சைத் திணைக்களம் க.பொ.த. பெறுபேற்றுச் சான்றிதழைக் கட்டணம் பெற்றுக்கொண்டு, கேட்பவருக்குக் கேட்கும்போது தன் பதிவேட்டிலிருந்து வழங்குகிறது. போரில் வீடும் பெட்டியும் இழந்து இடம்பெயர்ந்த தமிழர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தேவையில்லை. பழனி மலைகளுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் பலர் கொடைக்கானல் மலைகளில் குடியேறினார்கள். இலங்கையில் படித்துத் தேர்வெழுதி வந்தவரின் சான்றிதழ் தொலைந்தால் இங்குள்ள தேர்வுத் துறையால் எதுவும் செய்ய இயலாது. பத்தரமுல்லையிலுள்ள திணைக்களத்தைத்தான் கேட்கவேண்டும். கடல் கடந்து கேட்பது சிரமம் என்றாலும், அங்கே கேட்கப்படும் கேள்வி எளியது: நீங்கள் யார், எந்த ஆண்டு, எந்தச் சுட்டெண்?

பதிவேட்டு வாதத்தின் பலவீனம், பதிவேட்டின் நிலையே. அண்மை ஆண்டுகளின் மதிப்பெண்கள் கணினியில் இருக்கின்றன. 1970-களின் பேரேடுகள் தாளில் இருக்கின்றன, அவையும் மங்கக்கூடியவை, அரிபடக்கூடியவை. இன்னொரு பலவீனம் பெயர். பழைய பேரேட்டில் 'பி. செல்வி' என்றிருப்பவர் ஆதாரில் கணவர் பெயரோடு வேறுவிதமாக இருப்பார். பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. பதிவேட்டை நம்பும் முறை, ஆளைப் பதிவேட்டோடு இணைப்பதில் இன்னும் கடுமையாக இருந்தாக வேண்டும். அப்போது சுமை 'தொலைந்ததா' என்பதிலிருந்து 'நீங்கள்தானா' என்பதற்கு மாறும். யாருடைய ஆவணங்களில் பெயர் ஒன்றுபோல் இல்லையோ அவர்களுக்கு, முக்கியமாகத் திருமணமான பெண்களுக்கு, புதிய முறை பழையதைவிடக் கடினமாகவும் ஆகலாம்.

தீராமல் இருப்பவை

இதுவரை பார்த்த நிலைப்பாடுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றவற்றைக் கைவிட முடியும் என்று தோன்றவில்லை. கெட்டுப்போன சான்றிதழுக்குக் காவல் சான்றும் பிரமாணப் பத்திரமும் கேட்பதற்கு நியாயம் எதுவும் காணப்படவில்லை. எஞ்சிய துண்டை வாங்கிக்கொண்டால் போதும். கணினியில் மதிப்பெண் ஏறிய ஆண்டுகளுக்கு, தொலைந்ததை நிரூபிக்கக் கேட்பதும் வலுவிழந்து வருகிறது. அங்கே ஓர் எளிய வாக்குமூலமும், பழைய வரிசை எண்ணை ரத்து செய்து புதிய எண்ணோடு அச்சிடுவதும், சரிபார்க்க விரும்பும் முதலாளி இணையத்தில் பார்த்துக்கொள்ளும் வசதியும் போதுமானவையாக இருக்கக்கூடும். அச்சிட்ட தாளில் 'இரண்டாம்படி' என்று குத்த வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அந்தச் சொல்லைக் கண்டு சில நேர்முகத் தேர்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்பதும், அது இல்லாவிட்டால் இரண்டு அசல்கள் உலவும் என்பதும் இரண்டுமே மெய்.

கணினிக்கு முந்தைய பேரேடுகளின் காலத்தவருக்கு இன்னும் சரியான விடை இல்லை. அவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். ஓய்வூதியத்துக்கும், பிறந்த தேதியை மெய்ப்பிக்கவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் போகவும் பழைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றைத் தேடுகிறார்கள். பேரேட்டின் அந்தப் பக்கமே சிதைந்திருந்தால், பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழின் அடிக்கட்டையையும் கொண்டு எந்த அளவு ஈடுகட்டலாம் என்பதற்குத் தெளிவான பொது விதி தேவைப்படுகிறது. மேல்மலைப் பள்ளிகளின் அலமாரிகளிலும் அதே மூடுபனிதான் நுழைகிறது. அந்தச் சேர்க்கைப் பதிவேடுகளைப் படம் பிடித்துக் காக்கும் வேலை யாருடையது, தேர்வுத் துறையுடையதா, மாவட்டக் கல்வி அலுவலகத்துடையதா என்பது இன்னும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகவே இருக்கிறது.